21 நிமிடமா, 90 அட்டையா: குழந்தையின் பிணைப்பை எந்த வழியில் பார்ப்பது?

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் உள்ள சில தேயிலைத் தோட்டங்களில் கிரஷ் நடத்தும் முறையை மாற்றிப் பார்க்க ஒரு சின்னக் குழுவாக முயன்றோம். இப்போது மூன்று ஆயாக்கள் முறை வைத்து வருகிறார்கள். யார் கை சும்மா இருக்கிறதோ அவர் குழந்தையைத் தூக்குவார். மாற்றினால், ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் இன்ன ஆயா என்று ஒருவர் நிலையாக இருப்பார். பாதித் தோட்டங்களில் மாற்றிவிட்டு, மீதியைப் பழையபடியே வைத்து, ஒரு வருடம் கழித்து இரண்டையும் ஒப்பிடுவது திட்டம். ஒரு பக்கத்துக்கு 24 குழந்தைகள் கிடைப்பார்கள். எல்லோருக்கும் வயது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில்.

எதை ஒப்பிடுவது என்பதில்தான் இரண்டு மாதம் ஓடிவிட்டது. குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கொள்பவருக்கும் இடையே உள்ள பிணைப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். அதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னோம். கேள்வித்தாள் கொடுத்து அம்மாவையே எழுதச் சொல்லலாம் என்பது முதல் யோசனை. அது ஒரே நாளில் விழுந்துவிட்டது. 'பயந்தால் குழந்தை உங்களிடம் ஓடி வருகிறதா?' என்று கேட்டால் எந்தத் தாய்தான் இல்லை என்பாள்? 2004-ல் வான் ஐசன்டோர்னும் மற்றவர்களும் 139 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், அட்டை அடுக்கும் முறையில் (அதற்குப் பிறகு வருகிறேன்) வெளியாள் பார்த்து அடுக்கியது நம்பும்படி இருந்தது, தாயே அடுக்கியது அப்படி இல்லை. அம்மாக்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. தினமும் பக்கத்திலேயே இருப்பவர் கண்ணில் சில விஷயங்கள் படாது, அவ்வளவுதான்.

மீதி இருந்தவை இரண்டு. ஒன்று, உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் வகுத்த 'அந்நியச் சூழல்' சோதனை. இன்னொன்று, வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு 90 அட்டைகளை அடுக்கும் 'கியூ-சார்ட்'. முதலாவது பாடப்புத்தகமெல்லாம் சொல்லும் முறை. 'அதை விட்டால் வேறு எதையும் யாரும் ஏற்கமாட்டார்கள்' என்று எங்களில் ஒருவர் உறுதியாக நின்றார். சரி, ஒரு தடவை செய்துதான் பார்ப்போமே என்று செய்தோம்.

சோதனை ஏறக்குறைய 21 நிமிடம். எட்டுக் கட்டங்கள். முதல் கட்டம் அரை நிமிடம், அம்மாவையும் பிள்ளையையும் அறைக்குள் விட்டுவிட்டு வருவது மட்டும். மற்றவை மும்மூன்று நிமிடம். இரண்டாவதில் அம்மாவும் குழந்தையும் தனியாக இருப்பார்கள். மூன்றாவதில் முன்பின் தெரியாத ஒரு பெண் வருவார்: ஒரு நிமிடம் பேசாமல் உட்காருவார், ஒரு நிமிடம் அம்மாவோடு பேசுவார், ஒரு நிமிடம் குழந்தையிடம் நெருங்குவார். நான்காவதில் அம்மா எழுந்து போய்விடுவார். ஐந்தில் அம்மா திரும்பி வர, அந்நியப் பெண் வெளியேறுவார். ஆறில் அம்மா மறுபடி போக, குழந்தை அறையில் தனியாக இருக்கும். ஏழில் அந்நியப் பெண் வருவார். எட்டில் அம்மா. குழந்தை தாங்க முடியாமல் அழுதால் பிரிவுக் கட்டங்களை உடனே சுருக்கிவிட வேண்டும்.

இதில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. குழந்தை அழுததா இல்லையா என்பது இங்கே மதிப்பெண் இல்லை. சில குழந்தைகள் சுபாவமாகவே அழுவார்கள், சிலர் அழமாட்டார்கள். கணக்கில் வருவது ஐந்தாவது, எட்டாவது கட்டங்கள், அதாவது அம்மா திரும்பி வந்த பிறகு நடப்பது. அதை நான்கு அளவுகோல்களில் 1 முதல் 7 வரை மதிப்பிடுவார்கள்: அம்மாவை நோக்கி வருவது, தூக்கிய பின் ஒட்டிக்கொண்டே இருப்பது, முகத்தைத் திருப்பி விலகுவது, கோபத்தோடு எதிர்ப்பது. இவற்றின் சேர்க்கையிலிருந்துதான் வகை பிறக்கிறது. வந்து ஆறுதல் பெற்று விளையாட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பான பிணைப்பு. அம்மா வந்ததே தெரியாதது போல் இருப்பது விலகும் வகை. தூக்கச் சொல்லிக் கை நீட்டிவிட்டுத் தூக்கினால் உதைப்பது முரண்டும் வகை. எதிலும் சேராமல், பாதி வழியில் உறைந்து நிற்பது, பின்பக்கமாக நகர்ந்து வருவது போன்ற நடத்தைகளை மேரி மெயினும் ஜூடித் சாலமனும் 1980-களில் தனியே பிரித்து ஒழுங்கு குலைந்த வகை என்றார்கள்.

எங்கள் ஒத்திகைக்கு வந்தவன் 14 மாதப் பையன். அம்மா கொழுந்து பறிக்கிறவர். இடம், தோட்டத்துச் சமுதாயக் கூடத்தின் பக்கத்து அறை. இரண்டு நாற்காலி, ஒரு பாய், கொஞ்சம் பொம்மைகள், மூலையில் ஒரு கேமரா. அந்நியப் பெண்ணுக்குத்தான் அலைந்தோம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைனில் அவனுக்குத் தெரியாத முகமே இல்லை, எல்லோரும் அத்தை, சித்தி. கடைசியில் ஊட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவியை வரவழைத்தோம்.

நான்காவது கட்டத்தில் அம்மா எழுந்து போனதும் கையில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கீழே வைத்தான். கதவைப் பார்த்தான். அழவில்லை. மூன்று நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தான். அம்மா திரும்பி வந்தபோது இரண்டு எட்டு வைத்தான், அப்புறம் நின்று தட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பத்து நொடி போல் இருக்கும். பிறகு தட்டோடு மெதுவாக அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தான். ஆறாவது கட்டத்தில் கதவு சாத்திய சத்தம் கேட்டவுடன் கத்த ஆரம்பித்தான், இருபதாவது நொடியில் நிறுத்திவிட்டோம். அந்தப் பெண் உள்ளே போயும் அடங்கவில்லை. எட்டில் அம்மா வந்ததும் நேராக ஓடிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஒரு நிமிடம் விசும்பினான், பிறகு தலைக் குல்லாயைத் தானே இழுத்துக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிப் பொம்மைக்குப் போனான்.

வீடியோவை முதலில் பார்த்த எங்கள் ஆள் ஐந்தாவது கட்டத்தில் அவன் திரும்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, 'விலகல், கிரஷ்ஷில் வளர்ந்த பிள்ளை' என்று எழுதிவிட்டார். முறையாக மதிப்பிட்டால் ஐந்தில் விலகல் 3, நெருங்கி வருவது 4. எட்டில் நெருங்கி வருவது 6, ஒட்டியிருப்பது 5, விலகல் 1, எதிர்ப்பு 1. அதாவது, மன அழுத்தம் கூடும்போது அம்மாவிடம் போகிறான், போனால் ஆறுகிறான். பாதுகாப்பான வகைக்குள்ளேயே, முதல் சந்திப்பில் கொஞ்சம் தயங்கும் உட்பிரிவு. இரண்டு சந்திப்புகளையும் சேர்த்துப் பார்க்காமல் முதலாவதோடு முடித்திருந்தால் தீர்ப்பே தலைகீழ். அதனால்தான் பயிற்சி பெற்று, ஏற்கெனவே மதிப்பிட்ட வீடியோக்களில் தேறிய ஆளைத் தவிர யாரும் இதை மதிப்பிடக் கூடாது என்கிறார்கள். நாங்கள் அந்த ஒத்திகையை மதிப்பிட்டது கற்றுக்கொள்ள மட்டும். அவன் பெயரில் எதுவும் எழுதி வைக்கவில்லை.

சோதனை பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 21 நிமிடத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு குழந்தை பேசுவதை வேறெங்கும் பார்த்ததில்லை. கிரஷ் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்ற வாதமும் முழுக்க நிற்கவில்லை. தினமும் பிரிந்து பழகிய குழந்தைக்கு அம்மா போவது ஒரு பொருட்டே இல்லை, அதை விலகல் என்று தப்பாகப் படிப்போம் என்ற சந்தேகம் 1980-களில் பலமாக எழுந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய கூட்டாய்வு 1,153 குழந்தைகளை 15 மாதத்தில் பார்த்து 1997-ல் வெளியிட்டது. கிரஷ் போன்ற பராமரிப்பில் இருப்பது மட்டுமே அம்மாவோடான பிணைப்பைக் குலைக்கவில்லை. ஆனால் அம்மாவின் கவனிப்பும் குறைவாக இருந்து, கூடவே பராமரிப்பும் மோசமாகவோ நீண்ட நேரமாகவோ இருந்தால் பாதுகாப்பான பிணைப்பு குறைந்தது. பிரிந்து பழகிய குழந்தைகளும் மற்றவர்கள் அளவுக்கே பிரிவில் கலங்கினார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

எங்களுக்குச் சிக்கல் எதிர்ப்பக்கம்தான். லைன் வீட்டில் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை. பாட்டி இல்லாவிட்டால் பக்கத்து வீடு, பக்கத்து வீடு இல்லாவிட்டால் எதிர் லைன். ஆறாவது கட்டத்தின் தனிமை அந்தப் பையன் வாழ்நாளில் ஒருமுறைகூட அனுபவித்திராத ஒன்று. சப்போரோவில் கெய்கோ தகஹாஷி 60 ஜப்பானியக் குழந்தைகளைப் பார்த்தபோது இதே நிலைமை: அம்மாவை விட்டுப் பிரிந்தே பழகாதவர்கள். முரண்டும் வகை 32 சதவீதம், விலகும் வகை ஒருவர்கூட இல்லை. அது ஜப்பானிய அம்மாக்களைப் பற்றிய முடிவா, அல்லது அந்த மூன்று நிமிடம் அங்கே அளவுக்கு மீறிய அதிர்ச்சி என்பதா? இரண்டாவதுதான் என்று அவரே வாதிட்டார். எட்டு நாடுகளின் 32 மாதிரிகளை 1988-ல் சேர்த்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் மாதிரிக்கு மாதிரி இருந்தது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நீலகிரி குழந்தைகள் இப்படி என்று எங்கள் 48 பேரை வைத்து யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுவேன்.

இன்னும் பெரிய இடி ஒன்று இருந்தது. எங்கள் கேள்வி அம்மாவோடு முடிவதில்லை, பாட்டியும் ஆயாவும் உண்டு. பிணைப்பு என்பது குழந்தையின் குணம் இல்லை, ஒருவரோடு உள்ள உறவு. அம்மாவோடு விலகும் குழந்தை அப்பாவோடு பாதுகாப்பாக இருக்கலாம், இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்பது பல ஆய்வுகளில் வந்தது. அப்படியானால் ஒரு குழந்தைக்கு மூன்று சோதனை செய்ய வேண்டும். எயின்ஸ்வொர்த் இரண்டு வார இடைவெளியில் அதே குழந்தைகளிடம் மறுபடி செய்தபோது, பலர் முதல் தடவையைவிட அதிகம் கலங்கினார்கள், முன்பு விலகியவர்கள் ஒட்டிக்கொண்டார்கள். முதல் சோதனையே இரண்டாவதைக் கெடுக்கிறது. எனவே மூன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி விட வேண்டும், அதற்குள் குழந்தை 20 மாதத்தைத் தாண்டிவிடும். சோதனை ஒன்றரை வயது வரைக்குமானது.

கியூ-சார்ட்டில் இந்த இடி இல்லை. எவெரெட் வாட்டர்ஸும் கேத்லீன் டீனும் 1985-ல் கொண்டுவந்த முறை. 12 முதல் 48 மாதம் வரை பயன்படும். பாட்டி வீட்டில் பாட்டியோடு, கிரஷ்ஷில் ஆயாவோடு, அம்மாவோடு என்று தனித்தனியே அடுக்கலாம். யாரையும் அறையை விட்டு அனுப்ப வேண்டாம்.

ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று இரண்டு தடவை போய் உட்கார வேண்டும். பிறகு அட்டைகளை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நடத்தை: விளையாடும்போது இடையிடையே இவரிடம் வந்து போகிறது, இவர் நகர்ந்தால் பின்னால் வருகிறது, அழுதால் வேறு ஆள் தூக்கினாலும் அடங்குகிறது, இந்த மாதிரி. முதலில் மூன்றாகப் பிரிப்போம்: இந்தக் குழந்தைக்குப் பொருந்துவது, பொருந்தாதது, இரண்டும் இல்லாதது. பிறகு ஒவ்வொன்றையும் மூன்றாக்கி ஒன்பது அடுக்கு, அடுக்குக்குக் கட்டாயம் பத்து அட்டை. பத்துக்கு மேல் போகாது என்பதால், எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தாராளமாகப் போட முடியாது. முழுப் பாதுகாப்பான பிணைப்புள்ள கற்பனைக் குழந்தைக்கு நிபுணர்கள் அடுக்கி வைத்த வரிசை ஒன்று இருக்கிறது. நம் வரிசை அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்தான் மதிப்பெண், −1 முதல் +1 வரை.

அதே பையன் பாட்டியோடு இருக்கும்போது நானும் இன்னொருவரும் பார்த்தோம். பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 'உட்காருங்க டீச்சர், சும்மா இருப்பான்' என்றார். அவன் சும்மா இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு கீரைத் தண்டைக் கொண்டுவந்து பாட்டி மடியில் போட்டான். ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு தடவை எண்ணினேன். பாட்டி ஒவ்வொன்றையும் வாங்கி, 'அட, இது எனக்கா?' என்பார். அவன் திரும்பவும் போவான்.

இருவரும் தனித்தனியே அடுக்கி ஒப்பிட்டோம். கணக்கு எளிது. ஒவ்வொரு அட்டைக்கும் நாம் இருவரும் போட்ட அடுக்கு எண்ணின் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். ஒன்பது அடுக்கு, பத்துப் பத்து அட்டை என்பதால் சூத்திரம் இப்படி ஆகிவிடும்:

r = 1 − (ΣD² / 1200)

எங்களுக்குக் கூட்டுத்தொகை 420 வந்தது. அப்படியென்றால் 0.65. குறைந்தது 0.7 வேண்டும் என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தோம். எந்த அட்டைகளில் இழுபறி என்று பார்த்தால் எல்லாம் ஒரே ஜாதி: அடிபட்டால் என்ன செய்வான், பயந்தால் யாரிடம் போவான், அழுகை எவ்வளவு நேரத்தில் அடங்கும். காரணம் எளிது. அன்று அவன் விழவே இல்லை, அழவும் இல்லை. நான் பார்க்கவில்லை என்பதால் நடு அடுக்கில் போட்டேன். அவர் பாட்டி சொன்னதைக் கேட்டு மேலே போட்டார். கேட்டது கண்ணால் பார்த்தது ஆகாது. அதனால் இரண்டாவது தடவை சாயங்காலம் போனோம், பசியும் தூக்கமும் கூடும் நேரம். படியில் சறுக்கி விழுந்தான், பாட்டியிடம் ஓடினான், முகத்தைப் புடவையில் புதைத்தான், அரை நிமிடத்தில் மீண்டும் தண்டு. அன்றைய அடுக்கில் எங்கள் ஒப்பு 0.81.

இதுதான் கியூ-சார்ட்டின் பலவீனமும். அந்நியச் சூழல் பிணைப்பைத் தட்டி எழுப்பிவிட்டுப் பார்க்கிறது. இங்கே அது தானாக எழும் வரை காத்திருக்க வேண்டும், எழாவிட்டால் நடு அடுக்குதான் நிரம்பும். மதிப்பெண் குறைவாக வந்த குழந்தை உண்மையில் பாதுகாப்பு குறைந்ததா, அல்லது அன்று ஒன்றுமே நடக்கவில்லையா? தாளைப் பார்த்தால் தெரியாது, குறிப்பேட்டைப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று, இந்த முறை விலகலா முரண்டா என்று வகை சொல்லாது, ஒழுங்கு குலைந்த நடத்தையைப் பிடிக்காது. இரண்டு முறைகளும் ஒன்றையே அளக்கின்றனவா என்றால், 2004-ன் அந்தத் தொகுப்பில் வெளியாள் அடுக்கியதற்கும் அந்நியச் சூழலுக்கும் உள்ள தொடர்பு 0.31. உறவு இருக்கிறது, ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று வைக்க முடியாது.

மூன்றாவது வழி ஒன்றும் பேசினோம்: குழந்தையை விட்டுவிட்டு, பெரியவர் எவ்வளவு கவனமாகப் பதில் கொடுக்கிறார் என்று எயின்ஸ்வொர்த்தின் 9 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுவது. பாட்டி அந்தக் கீரைத் தண்டை வாங்கிய விதத்துக்கு அதில் குறைந்தது 8 புள்ளி வரும். மலிவு, வேகம். ஆனால் அந்தக் கவனிப்புக்கும் பிணைப்புக்கும் உள்ள தொடர்பு 1997-ன் பெரிய தொகுப்பில் 0.24 தான். ஆயா நன்றாகக் கவனிக்கிறார் என்று சொல்லலாம், அதனால் குழந்தைக்குப் பிணைப்பு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இதைக் கூடவே எடுப்போம், தனியாக வேண்டாம் என்று ஒதுக்கினோம்.

எண்ணிக்கையும் தீர்ப்பைச் சாய்த்தது. அந்நியச் சூழலில் கிடைப்பது வகை. 24 பேரில் 65 சதவீதம் பாதுகாப்பானவர்கள் என்று வந்தால், உண்மை 46-க்கும் 84-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். ஒரு பக்கம் 65, மறுபக்கம் 75 என்று வந்து கிரஷ் மாற்றம் வென்றது என்று அறிவித்தால் அது வெறும் அதிர்ஷ்டம். கியூ-சார்ட்டின் மதிப்பெண் தொடர்ச்சியான எண் என்பதால் அதே 24 பேரில் சிறிய வித்தியாசத்தையும் காண வாய்ப்பு கொஞ்சம் அதிகம். கொஞ்சம்தான்.

இதற்கிடையில் ஒரு தோட்டத்து நிர்வாகத்தில் ஒருவர், 'எந்தெந்தப் பிள்ளைக்குப் பிரச்சினை என்று பெயர் போட்டுக் கொடுங்க, அந்த ஆயாவை மாத்திடலாம்' என்றார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். கொடுக்கவில்லை. இந்த முறைகள் எல்லாமே கூட்டத்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவை. ஒரு குழந்தையின் 14-வது மாதத்து வகை, அதன் நான்காவது வயதைச் சொல்லும் அளவுக்கு உறுதியானது இல்லை. வீட்டில் ஒருவர் வேலை மாறினாலே மாறும். ஒழுங்கு குலைந்த வகை என்று வந்தாலும் யாரோ அடித்தார்கள் என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. அந்தத் துறையின் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 2017-லேயே இதை எழுதிவிட்டார்கள்: தனி ஒரு குழந்தையின் வழக்கில் அந்த வகையைச் சான்றாக வைக்காதீர்கள் என்று. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற குடும்ப நீதிமன்றக் கேள்விக்கும் அதே பதில்தான்.

கடைசியில் கியூ-சார்ட் என்று முடிவானது. அம்மா, பாட்டி, ஆயா மூவரோடும், ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை, இருவர் தனித்தனியாக அடுக்குவது. அந்நியச் சூழலை விட்டுவிட்டோம். அது கெட்ட முறை என்பதால் இல்லை. தேறிய ஆள் இருந்து, அம்மாவோடு மட்டும் என்று கேள்வியைச் சுருக்கியிருந்தால் நானே அதைத்தான் கேட்டிருப்பேன்.

நேரம் வைப்பதுதான் இப்போது தகராறு. அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும், ஆனால் ஞாயிறன்று லைன் முழுக்க வீட்டில் இருக்கும், குழந்தை பத்து மடியில் மாறி மாறி உட்காரும். வார நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கு அம்மா வரும்போது இருட்டத் தொடங்கிவிடும், அவரும் களைத்திருப்பார். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் அதுவும் முடியாது. போன வாரம் ஒரு அம்மா, 'மழை வந்து வேலை நிக்கிற அன்னைக்கு வாங்க டீச்சர், நானும் இருப்பேன், பிள்ளையும் இருக்கும்' என்றார். மழை நாளுக்கென்று ஒரு தனிப் பட்டியல் போட்டிருக்கிறோம்.